காலி நாற்காலிகளும் புளியமர நிழலும்: வெட்டப்பட்ட ஒளிப்படத்தில் விடுபட்டதைத் தேடும் முறை

சில ஆண்டுகளுக்கு முன் மே 1 அன்று மாலை, காங்கயத்தில் உள்ள என் ஒளிப்பட நிலையத்துக்கு அக்காள் மகன் கைப்பேசியோடு வந்தான். அருகிலுள்ள ஓர் ஊராட்சியில் அன்று காலை நடந்த கிராம சபைக் கூட்டத்தின் படம் அதில் இருந்தது. வெயிலில் ஐந்தாறு வரிசையாகப் போடப்பட்ட நெகிழி நாற்காலிகளில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. அவற்றுக்கு அப்பால், சிறிய சாமியானாவுக்குக் கீழே மேசையருகில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். படத்தோடு, "ஒருத்தரும் வராத கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றம்" என்ற வரியும் சுற்றி வந்தது. கிராம சபைக்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை உண்டு என்பதால், அந்த வரியைக் கேலியாகக் கடந்துவிட முடியாது. கூட்டமே செல்லாது என்பதுதான் அதன் பொருள்.

"ஏனுங் மாமா, இது நெசந்தானுங்களா? பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டான். அந்தப் படத்தை அன்றிரவும் மறுநாளும் எப்படிச் சோதித்தோம் என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். வேறு படங்களுக்கும் இதே வரிசை பொருந்தும்; எந்தப் படி எங்கே கைகொடுக்காது என்பதையும் உடனுக்குடன் சொல்லிவிடுகிறேன்.

வெட்டு என்ன செய்கிறது

வெட்டுதல் என்பது படத்தில் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, இருப்பதை மாற்றுவதும் இல்லை. மிஞ்சிய ஒவ்வொரு புள்ளியும் கேமரா உண்மையாகவே பதிவு செய்ததுதான். அதனால்தான் ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்கும் கண் இங்கே ஏமாந்துபோகிறது: ஒளி பொருந்துகிறது, நிழல் பொருந்துகிறது, விளிம்புகளில் பிசிறு இல்லை. மாறுவது மிஞ்சியவற்றுக்கு இடையிலான உறவு.

நம் ஊர்த் திருமணங்களில் இருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். இணைச்சீரின்போது மணமகனும் அவருடைய உடன்பிறந்தவளும் பட்டுடுத்தி, மாலையோடு அருகருகே இருப்பார்கள். சுற்றிலும் சீர் செய்யும் அருமைக்காரரும் உறவினரும் தெரியும் முழுப்படத்தில், பார்க்கிறவருக்குக் குழப்பம் வராது. அந்த இருவரை மட்டும் தனியே வெட்டி எடுத்து, கொங்கு வழக்கம் அறியாத ஒருவரிடம் கொடுத்தால், அவர் அதை மணமக்கள் படம் என்றே சொல்வார். ஒரு பொய்யும் சேர்க்கப்படவில்லை. அக்காள் மணப்பெண் ஆகிவிட்டாள். சுற்றியிருந்தவர்கள்தான் அந்த இருவருக்கும் உள்ள உறவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வெட்டப்பட்ட படத்தைச் சோதிப்பவர், மிஞ்சியது உண்மையா என்று கேட்பதோடு நிற்கக்கூடாது. மிஞ்சியதை விளக்கிக்கொண்டிருந்த எது போய்விட்டது என்றும் கேட்க வேண்டும்.

முதற்படி: படம் எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம்

கைப்பேசியில் படத்தைத் திறந்து, அதன் விவரங்கள் பகுதியில் அளவைப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிக் கேமராக்கள், அமைப்பை மாற்றாதவரை, 4:3 என்ற விகிதத்தில் எடுக்கின்றன. நிலையங்களில் நாங்கள் பயன்படுத்தும் கேமராக்களில் பெரும்பாலானவை 3:2 விகிதத்தில் எடுப்பவை. காணொளியிலிருந்து பிடித்த படம் பெரும்பாலும் 16:9 ஆக இருக்கும். வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் அனுப்பும்போது பெரிய படத்தைச் சுருக்கி, நீண்ட பக்கத்தைப் பொதுவாக 1600 புள்ளிகளாக்கிவிடும். எனவே கைப்பேசியில் எடுத்து அப்படியே அனுப்பிய படம் நம் கைக்கு வரும்போது 1600 × 1200 ஆக இருப்பது இயல்பு.

எங்களுக்கு வந்த படம் 1600 × 1516. நீண்ட பக்கம் சரியாக 1600. குறுகிய பக்கமோ எந்தக் கேமராவின் விகிதத்துக்கும் ஒத்துவரவில்லை. இதிலிருந்து இரண்டு ஊகங்கள் கிடைத்தன. படம் வெட்டப்பட்டிருக்க வேண்டும். அதுவும் பெரிய மூலப்படத்தில் வெட்டிய பிறகே வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே சுருங்கி வந்த நகலை ஒருவர் வெட்டி அனுப்பியிருந்தால் நீண்ட பக்கம் 1600-க்கும் குறைவாகவே இருந்திருக்கும், ஏனென்றால் வாட்ஸ்அப் சிறிய படத்தைப் பெரிதாக்குவதில்லை. அதாவது, வெட்டியவரிடம் பெரிய மூலக்கோப்பு இருந்திருக்கிறது. அவர் படம் எடுத்தவருக்கு நெருக்கமானவராகவோ எடுத்தவராகவோ இருக்கலாம்.

இந்தப் படியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. கைப்பேசிச் செயலிகளில் விகிதத்தை மாற்றாமலேயே வெட்டும் வசதி இருப்பதால், பாதிப் படத்தை எறிந்த பிறகும் 4:3 அப்படியே நிற்கும். சதுரமாகவே எடுக்கும் அமைப்பும் கேமராக்களில் உண்டு. விகிதம் பிசகியிருந்தால் ஐயப்படக் காரணம் இருக்கிறது; பிசகாமல் இருந்தால் எதுவும் நிரூபணமாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நான்கு விளிம்புகளையும் சுற்றிவருதல்

படத்தின் நடுவை மறந்துவிட்டு, அதைத் திரையளவுக்கும் மேலாகப் பெரிதாக்கி, இடது மேல் மூலையில் தொடங்கி விளிம்பை ஒட்டியே மெதுவாக ஒரு சுற்று வாருங்கள். நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கச் சொல்வேன். பார்க்க வேண்டியவை: பாதியில் அறுபட்ட கை, தோள், வண்டிச் சக்கரம், வெளியிலிருந்து உள்ளே நீளும் நிழல், விளிம்பைத் தாண்டி எங்கோ போகும் கயிறு, ஒயர், விரிப்பு, படத்துக்கு வெளியே திரும்பியிருக்கும் முகங்கள்.

எங்கள் படத்தின் வலப்பக்கத்தில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் தூண்களைத் தவிர ஒன்றும் இல்லை. இடப்பக்கம்தான் பேசியது. கீழ் இடது மூலையில் தரை கருத்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தக் கருமைக்குள் சிறிய வட்டவட்டமான வெளிச்சப் பொட்டுகள் சிதறிக் கிடந்தன. சுவரின் நிழலோ பந்தலின் நிழலோ அப்படி இருக்காது. இலைகளின் நெருக்கமான இடுக்குகள் ஊசித்துளைகளாகி ஒவ்வொன்றும் சூரியனின் வட்ட உருவத்தைத் தரையில் விழச்செய்யும்போதுதான் அந்தப் பொட்டுகள் வரும். ஆக, இடப்பக்கம் படத்துக்கு வெளியே ஒரு பெரிய மரம் நின்றது. சித்திரை வெயிலில் முற்பகல் பதினோரு மணிக்கு நம் பக்கத்து மக்கள் எங்கே இருப்பார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதே விளிம்பில் நீல நிறக் குடிநீர்க் கேன் ஒன்று பாதியாக அறுபட்டிருந்தது. ஆளில்லாத பக்கத்தில் கேனை யாரும் கொண்டுபோய் வைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒலிவாங்கி பிடித்திருந்தவர் தமக்கு நேரே இருந்த நாற்காலிகளைப் பார்க்கவில்லை. அவர் முகமும் தோளும் இடப்பக்கம் திரும்பியிருந்தன. ஒலிபெருக்கிப் பெட்டியும் அதே திசையில் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. முகம் ஒரு நொடியில் எந்தப் பக்கமும் திரும்பும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெட்டியை யாரோ நினைத்துத் தூக்கித்தான் திருப்பி வைத்திருக்க வேண்டும். அதனால் அதன் சாட்சியம் கனமானது.

மூன்றாம் படி: சாயாமல் நிற்கும் கம்பத்தைக் கண்டுபிடித்தல்

வெட்டு நடந்ததா என்பதோடு நில்லாமல், எந்தப் பக்கம், குறைந்தது எவ்வளவு போயிற்று என்று கணிக்க ஒரு வழி உண்டு. கேமராவைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து எடுத்தால், செங்குத்தான பொருள்கள் எல்லாம் மேலே போகப் போக ஒன்றை நோக்கி ஒன்று சாய்வதுபோல் பதியும். இடப்பக்கக் கம்பங்கள் வலமாகவும், வலப்பக்கக் கம்பங்கள் இடமாகவும் சாயும். படத்தின் நட்டநடுவில் இருப்பது மட்டும் நேராக நிற்கும். நடுவிலிருந்து தள்ளிப்போகப் போகச் சாய்வு கூடும். இந்த நடு, லென்ஸின் நடு. படத்தை வெட்டினாலும் கம்பங்களின் சாய்வு மாறாது என்பதால், நேராக நிற்கும் கம்பத்தைத் தேடிப் பிடித்தால் பழைய நடு எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

எங்கள் படத்தை எடுத்தவர், பின்னாலிருந்த தொட்டியும் தெரியட்டும் என்று கைப்பேசியைக் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தார். அது எங்களுக்கு உதவியது. தொட்டியின் தூண்கள் நன்றாக இடப்பக்கம் சாய்ந்திருந்தன. சாமியானாவின் வலப்பக்கக் கம்பம் அதைவிடக் குறைவாகச் சாய்ந்திருந்தது. அதன் இடப்பக்கக் கம்பம் மட்டும், கணினித் திரையின் விளிம்போடு வைத்துப் பார்த்தபோது, நேராக நின்றது. அந்தக் கம்பம் படத்தின் இட விளிம்பிலிருந்து ஏறத்தாழ 370-ஆம் புள்ளியில் இருந்தது. அங்கிருந்து வலப்பக்கம் 1230 புள்ளிகள் இருக்கின்றன. நடு என்றால் இரு பக்கமும் சமமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே இடப்பக்கமும் 1230 புள்ளிகள் இருந்திருக்கும். மிஞ்சியதோ 370. குறைந்தது 860 புள்ளி அகலம் இடப்பக்கத்தில் போயிருக்கிறது. வலப்பக்கமும் கொஞ்சம் வெட்டப்பட்டிருந்தால் இழப்பு இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

இரண்டு இடங்களில் இந்தக் கணக்கு தவறும். கைப்பேசியைக் கோணலாகப் பிடித்திருந்தால் எல்லாக் கம்பங்களும் ஒரே பக்கம் சாயும். ஆனால் அப்போது சாய்வு எங்கும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும், படிப்படியாகக் கூடாது. அந்த வேறுபாட்டைக் கவனித்தால் குழப்பம் தீரும். மற்றொன்று, சில செயலிகள் சாய்வைத் தாமாகவே நிமிர்த்திவிடும். எல்லாக் கம்பங்களும் நேராக நின்றால் இந்தப் படியைக் கைவிட்டுவிடுங்கள். பழைய மின்கம்பங்கள் உண்மையாகவே சாய்ந்து நிற்பதும் உண்டு என்பதால், ஒரே ஒரு கம்பத்தை நம்பாமல் மூன்றையாவது ஒப்பிடுவது நல்லது.

நான்காம் படி: கோப்புக்குள் தேடுதல்

வாட்ஸ்அப் வழியாகப் படமாக வந்த கோப்பில், எடுத்த நேரம், கேமராவின் பெயர் போன்ற உட்குறிப்புகள் நீக்கப்பட்டிருக்கும். ஆகவே இந்தப் படி, மின்னஞ்சலிலோ ஆவணமாகவோ நினைவட்டையிலோ மூலக்கோப்பு கிடைத்தால்தான் பயன்படும். கேமராக்கள் ஒவ்வொரு படத்துக்குள்ளும் பெரும்பாலும் 160 × 120 புள்ளி அளவுள்ள ஒரு சிறுபடத்தைப் பொதித்து வைக்கின்றன. சில பழைய செயலிகள் பெரிய படத்தை வெட்டும்போது இந்தச் சிறுபடத்தைப் புதுப்பிக்க மறந்துவிடும். வெட்டுக்கு முந்தைய காட்சி தபால்தலை அளவில் உள்ளே அப்படியே இருக்கும். கணினியில் எக்சிஃப்டூல் என்னும் இலவச நிரலை நிறுவி இவ்வாறு பார்க்கலாம்:

```
exiftool -ImageSize -Software -CreateDate padam.jpg
exiftool -b -ThumbnailImage padam.jpg > siru.jpg
```

முதல் வரி அளவையும், படத்தைக் கடைசியாகச் சேமித்த செயலியையும், எடுத்த நேரத்தையும் காட்டும். இரண்டாம் வரி சிறுபடத்தைத் தனிக் கோப்பாக எடுத்துத் தரும். இப்போதைய செயலிகள் பெரும்பாலும் சிறுபடத்தையும் சேர்த்தே மாற்றிவிடுவதால், பத்து முறை தேடினால் ஒன்பது முறை ஏமாற்றம்தான். எங்களுக்கும் இந்தக் கட்டத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் படி: அதே படத்தின் பெரிய வடிவத்தைத் தேடுதல்

கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுக்கும்போது, தேடும் கட்டத்தை முழுப்படத்தின் மேல் வைத்து ஒரு முறையும், தனித்து அடையாளம் தெரியும் ஒரு பகுதியின் மேல் சுருக்கி வைத்து ஒரு முறையும் தேடுங்கள். `tineye.com` தளத்தில் கிடைக்கும் முடிவுகளை அளவில் பெரியது முதலாகவோ, பழையது முதலாகவோ வரிசைப்படுத்த முடியும். வெட்டப்படாத மூலம் பெரும்பாலும் இந்த இரண்டு வரிசைகளில் ஒன்றின் தலையில் இருக்கும். செய்தி நிறுவனப் படங்களுக்கு இது மிக நன்றாகப் பயன்படும்.

ஊர்க்கூட்டத்தில் கைப்பேசியில் எடுத்துக் குழுக்களுக்குள்ளேயே சுற்றும் படங்கள் இந்தத் தேடுபொறிகளின் கண்ணில் படுவதே இல்லை. எங்கள் தேடலில் ஒன்றும் வரவில்லை. இதைச் சிலர், "இணையத்தில் வேறெங்கும் இல்லை, எனவே இதுவே மூலம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இது பெரிய பிழை. தேடுபொறி காணாதது இல்லாததாகிவிடாது.

ஆறாம் படி: ஆட்களிடம் கேட்டல்

உள்ளூர்ப் படத்துக்கு இதுவே வலுவான படி. யாரிடம் கேட்டாலும் "இது உண்மையா" என்று கேட்காதீர்கள்; அந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு கட்சியின் விடைதான் வரும். "இது உங்களுக்கு யாரிடமிருந்து, எத்தனை மணிக்கு வந்தது" என்று கேளுங்கள். மருமகன் அப்படிக் கேட்டுக்கேட்டு, நான்காவது ஆளிடம் போய் நின்றான். அதற்குமேல் சங்கிலி அறுந்துவிட்டது. வெட்டியவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆகவே வழியை மாற்றினோம். அதே கூட்டத்தை வேறு யார் எடுத்திருப்பார்கள் என்று யோசித்தோம். கூட்ட அறிக்கைக்காக ஊராட்சித் தரப்பில் ஒருவர் எடுத்திருப்பார். சாமியானாவும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்த கடைக்காரர் தம் வேலையைக் காட்ட ஒன்று எடுத்திருப்பார். வந்த இளைஞர்களில் யாராவது காணொளி பிடித்திருப்பார். மூவரையும் தேடினோம். ஒலிபெருக்கிக்காரர் அரை நிமிடக் காணொளி ஒன்றை அனுப்பினார். அதில் கேமரா மேசையிலிருந்து தொடங்கி இடப்பக்கமாகத் திரும்புகிறது: அகன்ற புளியமரம், அதன் நிழலில் விரிப்பின் மேல் பெண்கள், வேரின் மேலும் திண்டின் மேலும் பெரியவர்கள், வண்டிகளின் மேல் சாய்ந்தபடி இளைஞர்கள். நான் காட்சியை நிறுத்தி நிறுத்தி எண்ணியபோது அறுபதுக்குக் குறையவில்லை.

மறுநாள் பிற்பகல் மூலப்படமே கிடைத்தது. எடுத்தவர் எந்தத் தரப்பையும் சேராத ஓர் இளைஞர். தம் படம் இப்படிச் சுற்றுவதைக் கேட்டு வருந்தி, அதை ஆவணமாகவே அனுப்பிவைத்தார். 4000 × 3000 புள்ளிகள். எங்களுக்கு வந்த வடிவத்தை அதன்மேல் பொருத்திப் பார்த்தபோது, இடப்பக்கத்திலிருந்து 1400 புள்ளிகளும், மேலும் கீழுமாக 500-க்கும் மேற்பட்டவையும் போயிருந்தன, வலப்பக்கம் தொடப்படவில்லை. பரப்பில் பாதிக்குச் சற்று அதிகமே மிஞ்சியிருந்தது. கம்பத்தை வைத்துக் கணித்த 860 என்பது சுருங்கிய நகலின் அளவு; மூல அளவுக்கு விரித்தால் ஏறத்தாழ 1400 வருகிறது.

ஏழாம் படி: கிடைத்த முழுப்படத்தையும் அதே கண்டிப்போடு பார்த்தல்

முழுப்படம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடும் ஆசை வருகிறது. அப்போதுதான் நிதானம் வேண்டும். முழுச் சட்டகமும் ஒருவர் நின்ற இடத்திலிருந்து, ஒரு திசையில், ஒரு நொடியில் எடுக்கப்பட்டதுதான். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேனின் சிலை சாய்க்கப்பட்டபோது, நெருக்கமாகப் பிடித்த காட்சிகளில் சதுக்கமே ஆட்களால் நிரம்பியதுபோல் தெரிந்தது. தொலைவிலிருந்து அகலமாக எடுத்தவற்றில் சிலையைச் சுற்றி ஒரு திரளும் அதற்கப்பால் பெரும்பகுதி வெற்றிடமும் தெரிந்தன. நெருக்கமான அந்தக் காட்சிகளை யாரும் பிறகு வெட்ட வேண்டியதில்லை. லென்ஸே எடுக்கும்போது வெட்டிவிட்டது. அத்தகைய படத்தின் மூலக்கோப்பைத் தேடிப் பிடித்தாலும் அதில் கூடுதலாக ஒன்றும் இருக்காது. வேறொருவர் வேறிடத்திலிருந்து எடுத்ததுதான் உதவும்.

எங்கள் முழுப்படமும் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. யாரும் வரவில்லை என்பதை அது பொய்யாக்கியது. வந்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த ஊராட்சியின் வாக்காளர்கள், வருகை தேவையான எண்ணிக்கையைத் தொட்டதா, தீர்மானம் வாசிக்கப்பட்டபோது அவர்கள் இருந்தார்களா என்ற கேள்விகளுக்கு அதில் விடை இல்லை.

வெட்டியவரின் உள்நோக்கத்தையும் படம் சொல்லாது. 2020 ஜனவரியில் டாவோஸில் ஐந்து இளம் காலநிலைச் செயற்பாட்டாளர்கள் சேர்ந்து நின்ற படத்தை ஏபி செய்தி நிறுவனம் வெளியிட்டபோது, ஓரத்தில் நின்ற உகாண்டாவின் வனெசா நகாட்டே வெட்டப்பட்டு, கிரேட்டா துன்பெர்க் உள்ளிட்ட வெள்ளையர் நால்வர் மட்டும் மிஞ்சினர். பின்னணியில் இருந்த கட்டடம் காட்சியைக் கெடுத்ததால் வெட்டியதாக அந்நிறுவனம் முதலில் விளக்கியது. பிறகு அதன் ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். அங்கே இருந்த ஒரே ஆப்பிரிக்கர் படத்திலிருந்து போய்விட்டார் என்ற விளைவு, வெட்டியவர் மனத்தில் கட்டடம் இருந்திருந்தாலும் மாறவில்லை. அதனால் விளைவைப் பற்றி எழுதும்போது உறுதியாகவும், நோக்கத்தைப் பற்றி எழுதும்போது சான்று இருந்தால் மட்டுமேயும் எழுத வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கண்டதை எழுதுதல்

மருமகன் முதலில், "பொய்ப் படம் போட்டு ஊரை ஏமாத்தறாங்க" என்று எழுதி வைத்திருந்தான். அதை அனுப்பவிடவில்லை, படம் பொய்யில்லை, நாற்காலிகள் உண்மையாகவே காலியாக இருந்தன. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்து, வெட்டப்பட்ட பகுதியை மூலப்படத்தின் மேல் சிவப்புக் கோட்டால் குறித்து, முகங்கள் அடையாளம் தெரியாதபடி மங்கலாக்கி, கீழே இப்படி எழுதினோம்:

"சுற்றிவரும் படம் மே 1 கூட்டத்தில் எடுத்ததுதான். அதன் இடப்பக்கம் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டப்பட்ட பகுதியில் புளியமர நிழலில் ஆட்கள் இருக்கிறார்கள். காணொளியில் எண்ணியபோது அறுபதுக்குக் குறையவில்லை. யார் வெட்டினார் என்று எங்களுக்குத் தெரியாது. வருகை போதுமானதா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஊராட்சியில் உள்ள வருகைப் பதிவேட்டின் கையொப்பங்களை எண்ணித்தான் சொல்ல முடியும்."

அடுத்த திங்கட்கிழமை அந்த ஊரிலிருந்து இரண்டு பேர் பதிவேட்டைப் பார்க்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள்; அவர்களில் ஒருவர், காலி நாற்காலிப் படத்தை மருமகனுக்கு அனுப்பியவர்.